ஒரே விருந்தினர், மூன்று பெயர்கள்: கோலாலம்பூர் ஹோட்டல்களில் தமிழ்ப் பெயர்கள் ஏன் பொருந்தாமல் போகின்றன?

மலேசியாவில் இ-இன்வாய்ஸ் முறை 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி பெரிய நிறுவனங்களில் தொடங்கியது. ஆண்டு விற்பனை 5 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டும் நிறுவனங்களுக்கு அது 2025 ஜூலையில் வந்து சேர்ந்தது. நடுத்தர அளவு ஹோட்டல்கள் பலவும் இந்த வரம்புக்குள் வருகின்றன. முன்பெல்லாம் ஹோட்டல் பில்லில் பெயர் தப்பாக விழுந்தால், முகப்பில் சொல்லித் திருத்தி இன்னொரு தாள் அச்சடித்து வாங்கிக்கொள்ளலாம். இப்போது அந்த இன்வாய்ஸ் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்துக்குப் போய், சரிபார்க்கப்பட்டுத் திரும்பி வருகிறது. அதற்குப் பிறகு அதை ரத்து செய்ய 72 மணி நேரம்தான் அவகாசம்.

இதனால் பழைய சிக்கல் ஒன்று புதிதாகக் கண்ணில் படுகிறது. தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களுக்கும் சரி, ஈப்போவிலிருந்தோ பினாங்கிலிருந்தோ தலைநகருக்கு வருகிற நம்மவர்களுக்கும் சரி, முன்பதிவில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டிலோ மைகார்டிலோ இன்னொரு பெயர், இன்வாய்ஸில் மூன்றாவது பெயர் என்று அமைந்துவிடுகிறது. இது எங்கே தொடங்குகிறது, எந்த இடத்தில் பணம் சம்பந்தப்பட்ட பிரச்சினையாகிறது, எந்தக் கட்டத்தில் தடுக்கலாம் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## எழுத்துக்கூட்டு ஏன் ஒன்றாக இருப்பதில்லை

தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் எழுத, எல்லா நாட்டு அலுவலகங்களும் ஏற்றுக்கொண்ட ஒரே முறை நடைமுறையில் இல்லை. ஆராய்ச்சி நூல்களில் புள்ளியும் கோடும் போட்டு எழுதும் முறைகள் உண்டு. அவற்றைக் கொண்டு யாரும் பிறப்புப் பத்திரம் எழுதுவதில்லை. அதனால் ஒவ்வோர் ஊரிலும் ஒரு பழக்கம் படிந்துவிட்டது.

தமிழ்நாட்டில் ழகரத்துக்கு `zh` போடுவது பரவலான வழக்கம். மலேசியாவில் பெரும்பாலும் `l` தான். தகரம் ஓரிடத்தில் `th`, ஓரிடத்தில் `t`, வேறோர் இடத்தில் `dh`. சகரம் `s` ஆகவும் வரும், `ch` ஆகவும் வரும். லட்சுமி என்ற பெயர் தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் `Lakshmi`. மலேசிய ஆவணங்களில் `Letchumi`, `Letchimi`, `Latchumi` எல்லாம் சர்வசாதாரணம். சுப்பிரமணியம் `Subramaniam`, `Supramaniam`, `Subramanian`, `Subramaniyam` என்று நான்கு வடிவங்களில் சுற்றுகிறார்.

மலேசியாவில் இந்த வேறுபாடு அதிகம் இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டப்புறத்தில் பிறந்த பிள்ளையின் பெயரைப் பெற்றோர் வாயால் சொல்ல, பதிவு செய்தவர் தம் காதில் விழுந்தபடி எழுதினார். எழுதியவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த எழுத்துதான் பிறப்புப் பத்திரத்துக்கும், பிறகு அடையாள அட்டைக்கும், அங்கிருந்து பாஸ்போர்ட்டுக்கும் போனது. அப்பாவும் பெரியப்பாவும் ஒரே தாத்தாவின் பெயரை இரண்டு விதமாக எழுதுவது இப்படி வந்ததுதான்.

இதில் எது சரி, எது தப்பு என்று யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. `Letchumi` என்று மைகார்டில் இருந்தால் அதுதான் அவருடைய சட்டப்பூர்வமான பெயர். முகப்பில் இருப்பவர் நல்லெண்ணத்தோடு அதை `Lakshmi` என்று “திருத்தினால்”, அந்த விநாடியிலேயே பொருத்தமின்மை தொடங்கிவிடுகிறது. தமிழ் தெரிந்த ஊழியர்கள்தான் இதை அதிகம் செய்யக்கூடியவர்கள், ஏனென்றால் அவர்களுக்கு அந்தப் பெயர் எப்படி ஒலிக்க வேண்டும் என்று தெரியும்.

## கணினிக்கு ஒலி கேட்பதில்லை

“உச்சரிப்பு ஒன்றுதானே, கணினி கண்டுபிடித்துக்கொள்ளாதா?” என்று பலர் கேட்கிறார்கள். ஹோட்டல் மென்பொருளில் தேடுதல் பெரும்பாலும் எளிமையானது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உள்ள முதல் சில எழுத்துகளைத் தட்டினால், அதே எழுத்துகளில் தொடங்கும் முன்பதிவுகளைக் காட்டும். ஓர் எழுத்து மாறினாலும் அந்தப் பெயர் பட்டியலில் வராது.

ஒலியை வைத்துத் தேடும் முறைகளும் இருக்கின்றன. மிகப் பழையது சவுண்டெக்ஸ். 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை இது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மீதியுள்ள மெய்யெழுத்துகளை மூன்று எண்களாகச் சுருக்கும். நம் பெயர்களை அதில் போட்டுப் பார்த்தால் அதன் எல்லை தெரியும்:

```
Subramaniam -> S165    Supramaniam -> S165
Lakshmi     -> L250    Letchumi    -> L325
Selvi       -> S410    Chelvi      -> C410
```

சுப்பிரமணியம் தப்பித்துக்கொண்டார், ஏனென்றால் `b`யும் `p`யும் அந்த முறையில் ஒரே எண். லட்சுமி தப்பவில்லை. `t` என்ற புது எழுத்து உள்ளே வந்ததும் எண் மாறிவிட்டது. செல்வி முதல் எழுத்திலேயே பிரிந்துபோகிறார். ஆங்கிலப் பெயர்களின் ஒலிக்குழப்பத்தை மனதில் வைத்து உருவான முறை அது. சகரம் `s` ஆகவும் `ch` ஆகவும் எழுதப்படும் என்பது அதன் கணக்கிலேயே இல்லை.

## எது குடும்பப் பெயர்?

எழுத்துக்கூட்டைவிட இதுதான் அதிகம் தொல்லை தருகிறது. முன்பதிவுப் படிவம் எதுவாக இருந்தாலும் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டி, இரண்டையும் நிரப்பச் சொல்கிறது. தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இருப்பது சொந்தப் பெயரும் அப்பா பெயரும்தான்.

தமிழ்நாட்டில் அன்றாடம் எழுதுவது இனிஷியலோடு: `L. Thamizhselvi`. பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுத வேண்டியிருப்பதால், அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடுகிறது. அதே ஆள் இணையத்தில் அறை பதிவு செய்யும்போது பழக்கதோஷத்தில் குடும்பப் பெயராக `L` என்று ஓர் எழுத்தை மட்டும் போடுகிறார்.

மலேசியத் தமிழர்களுக்கு வேறு விதமான சிக்கல். மைகார்டில் `SARASWATHY A/P SUPRAMANIAM` என்று இருக்கிறது. `a/l` என்றால் அனாக் லெலாக்கி, மகன். `a/p` என்றால் அனாக் பெரெம்புவான், மகள். இங்கே பெயர் ஒரே வரி, குடும்பப் பெயர் என்று தனியாக எதுவும் பிரிக்கப்படவில்லை. பல இணையப் படிவங்கள் சாய்கோட்டை ஏற்பதில்லை. ஒருவர் `AP SUPRAMANIAM` என்று போடுகிறார், இன்னொருவர் `Saraswathy Ap` என்று முதல் பெயரோடு ஒட்டிவிடுகிறார். முதல் வகையில் அந்த முன்பதிவு `A` வரிசையில் போய் உட்காரும்.

சாய்கோடு ஏன் மறுக்கப்படுகிறது என்பதற்குப் பயணத்துறையில் ஒரு காரணம் உண்டு. டிக்கெட் முகவர்கள் பயன்படுத்தும் அமாடியஸ் போன்ற முன்பதிவு முறைகளில், குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிப்பதே அந்தச் சாய்கோடுதான்:

```
NM1SUPRAMANIAM/SARASWATHY MS
```

பெயருக்குள் இன்னொரு சாய்கோடு வந்தால், எங்கே பிரிப்பது என்று அந்தக் கட்டளைக்குத் தெரியாது. அதனால்தான் விமான டிக்கெட்டில் `a/p` இல்லாமல் பெயர் வருகிறது. டிக்கெட்டோடு சேர்த்து முகவரே ஹோட்டலையும் பதிவு செய்தால், ஹோட்டலுக்கும் அந்த வடிவம்தான் வந்து சேரும்.

## பாஸ்போர்ட்டின் கீழே உள்ள இரண்டு வரிகள்

பாஸ்போர்ட்டின் படம் உள்ள பக்கத்தில், அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கும். இயந்திரம் படிக்கும் பகுதி அது. அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303 என்ற ஆவணம் இதன் விதிகளைச் சொல்கிறது. ஒவ்வொரு வரியிலும் 44 இடங்கள், முதல் வரியில் பெயருக்கு 39 இடங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், `<` என்ற குறி ஆகியவற்றைத் தவிர வேறு எதற்கும் அங்கே இடமில்லை. சாய்கோடு, புள்ளி எல்லாம் அந்த வரிக்குள் வர முடியாது.

இந்தியப் பாஸ்போர்ட் ஒன்றின் முதல் வரி எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கற்பனை மாதிரி:

```
P<INDLAKSHMANAN<<THAMIZHSELVI<<<<<<<<<<<<<<<
```

இரட்டை அம்புக்குறிக்கு முன்னால் இருப்பது குடும்பப் பெயர்க் கட்டம், பின்னால் இருப்பது சொந்தப் பெயர். ஹோட்டல் முகப்பில் ஸ்கேனர் படிப்பது இதைத்தான். மேலே அழகாக அச்சாகியிருக்கும் பெயரை அது பார்ப்பதில்லை. ஆகவே முன்பதிவிலும் இன்வாய்ஸிலும் எதை ஒத்துப் போக வைப்பது என்ற கேள்விக்கு வெளிநாட்டு விருந்தினரைப் பொறுத்தவரை பதில் இந்த வரிதான்.

## ஒரு சம்பவத்தை முழுதாகப் பார்ப்போம்

மேலே உள்ள மாதிரிப் பாஸ்போர்ட்டை வைத்திருப்பவர், கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு இரவுகள் பயிற்சிக்காகக் கோலாலம்பூர் வருகிறார். பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஹோட்டல், ஓர் இரவுக்கு 220 ரிங்கிட். முன்பதிவுத் தளத்தில் முதல் பெயர் `Tamilselvi`, குடும்பப் பெயர் `L` என்று போட்டிருக்கிறார். கார்டு எண்ணையும் கொடுத்துவிட்டார்.

இரவு பதினொரு மணிக்கு வந்து சேர்கிறார். முகப்பில் இருப்பவர் பாஸ்போர்ட்டைப் பார்த்து, குடும்பப் பெயர்க் கட்டத்தில் `LAKSH` என்று தட்டுகிறார். திரையில் ஒன்றும் வரவில்லை. பதிவில் இருப்பது வெறும் `L`, தேடுவது ஐந்து எழுத்து. “தமிழ்ச்செல்வி” என்று வாயால் சொன்னதும் அவர் சொந்தப் பெயரில் `THAMIZH` என்று தேடுகிறார். அதுவும் வராது, பதிவில் இருப்பது `Tamil`. அறை காலியாக இருப்பதால், நேரில் வந்த விருந்தினராகப் புதிதாக ஒரு பதிவைத் திறந்து சாவியைக் கொடுத்துவிடுகிறார். விருந்தினருக்கு இதில் எதுவும் தெரியாது, அறை கிடைத்துவிட்டது. தைப்பூச வாரமாக இருந்திருந்தால் அறையே கிடைக்காமல் போயிருக்கலாம்.

நள்ளிரவுக்குப் பிறகு அன்றைய கணக்கை முடிக்கிறார்கள். பழைய பதிவுக்கு யாரும் வரவில்லை என்று கணினி குறித்துக்கொள்கிறது. வராதவர்களுக்கு ஓர் இரவுக் கட்டணம் என்பது அந்த ஹோட்டலின் விதி என்றால், கார்டிலிருந்து 220 ரிங்கிட் போய்விடும். பெயர்ப் பொருத்தமின்மையால் வரும் முதல் பண இழப்பு இது.

இரண்டாவது, இன்வாய்ஸில். புதிய பதிவைத் திறந்தவர் அவசரத்தில், தமக்குப் பழக்கமான உள்ளூர் முறையில் `TAMIL SELVI A/P LAKSHMANAN` என்று தட்டியிருக்கிறார். கணக்கு எல்லாம் சரியாகவே இருக்கிறது: அறைக்கு 880 ரிங்கிட், 8 விழுக்காடு சேவை வரி 70.40, வெளிநாட்டினருக்கான சுற்றுலா வரி இரவுக்கு 10 வீதம் 40, ஆக மொத்தம் 990.40 ரிங்கிட். பெயர் மட்டும்தான் வேறு. கோயம்புத்தூரில் கணக்குப் பிரிவு டிக்கெட்டையும் இன்வாய்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, ஒன்றில் `THAMIZHSELVI LAKSHMANAN`, மற்றதில் இரண்டாகப் பிரிந்த பெயரும் நடுவில் என்னவென்றே தெரியாத `A/P`யும். பணத்தை நிறுத்தி வைத்து விளக்கம் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

வெளிநாட்டு விருந்தினர் பெயருக்கு `a/p` சேர்ப்பது சின்ன விஷயம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது மலேசிய ஆவணங்களில் மட்டும் வரும் குறி. பாஸ்போர்ட்டில் இல்லாத ஒன்றை இன்வாய்ஸில் போட்டால், அந்தத் தாள் வேறொருவருடையது போல் ஆகிவிடும்.

## இ-இன்வாய்ஸ் இந்தத் தப்பைப் பிடிக்காதா?

பிடிக்காது. இ-இன்வாய்ஸில் வாங்குபவரின் பெயர், வரி அடையாள எண், அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட் எண் எல்லாம் இடம்பெறும். மலேசிய வரி எண் இல்லாத வெளிநாட்டவருக்கு `EI00000000020` என்ற பொது எண்ணைப் போட்டு, பாஸ்போர்ட் எண்ணையும் சேர்க்கலாம். மைகார்டை மட்டும் கொடுக்கும் மலேசியருக்கு `EI00000000010`. அந்தப் பொது எண்ணைக் கொண்டு யாருடைய பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. முகப்பில் தட்டிய பெயர் அப்படியே உள்ளே போய், “செல்லும்” என்று திரும்பி வந்துவிடும்.

சரிபார்க்கப்பட்ட நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் என்றால், ஹோட்டல் அதை ரத்து செய்து சரியான பெயரில் புதிதாக ஒன்றை அனுப்பலாம். அதைத் தாண்டிவிட்டால் ரத்து செய்ய வழியில்லை. பழைய இன்வாய்ஸுக்கு எதிராகக் கிரெடிட் நோட் போட்டு, மறுபடி புதிய இன்வாய்ஸ் எழுத வேண்டும். ஒரு பெயருக்காக மூன்று ஆவணங்கள். விருந்தினர் ஊர் திரும்பி, கணக்கைக் கொடுத்து, கணக்குப் பிரிவு கேள்வி கேட்கும்போது அந்த மூன்று நாள் பெரும்பாலும் முடிந்திருக்கும். அதனால்தான் செக்-அவுட் நேரம் இவ்வளவு முக்கியம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான ஹோட்டல் மென்பொருள்களில் தங்குபவர் பெயரும் பில் யார் பெயரில் என்பதும் தனித்தனிக் கட்டங்கள். வந்தவுடன் “பெயரை மாற்றிவிட்டோம்” என்று அவர்கள் சொன்னது முதல் கட்டத்தை மட்டுமாக இருக்கலாம். நிறுவனத்திடம் பணம் திரும்பப் பெறுவதாக இருந்தால், பில் உங்கள் பெயரில் வேண்டுமா, நிறுவனத்தின் பெயரில் வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வருவது நல்லது.

## எந்தக் கட்டத்தில் என்ன செய்யலாம்

1. முன்பதிவின்போது. பாஸ்போர்ட்டின் கீழ் வரியை எதிரில் வைத்துக்கொண்டு தட்டுங்கள். இரட்டை அம்புக்குறிக்கு முன்னால் இருப்பது குடும்பப் பெயர்க் கட்டத்தில், பின்னால் இருப்பது முதல் பெயர்க் கட்டத்தில். இனிஷியல் வேண்டாம். மைகார்டை வைத்துப் பதிவு செய்யும் மலேசியர், படிவம் சாய்கோட்டை ஏற்காவிட்டால், `a/l`, `a/p` இரண்டையும் முழுதாக விட்டுவிட்டு, சொந்தப் பெயரை முதல் கட்டத்திலும் அப்பா பெயரை இரண்டாவதிலும் போடுவது மேல். `AL`, `AP` என்று பாதியாக ஒட்டினால்தான் தேடும்போது காணாமல் போகிறது.

2. ஏற்கெனவே தப்பாகப் பதிவாகியிருந்தால். பயணத்துக்கு முன் ஹோட்டலுக்கு எழுதி, முன்பதிவு எண்ணையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரையும் கொடுங்கள். விமான டிக்கெட்டில் பெயர் மாற்றுவது கடினம். ஹோட்டலில் அதே ஆளின் எழுத்துக்கூட்டைத் திருத்துவது பொதுவாக எளிது.

3. முகப்பில். பாஸ்போர்ட்டை நீட்டும்போதே முன்பதிவு எண்ணையும் காட்டிவிடுங்கள். எண் எழுத்துக்கூட்டைச் சார்ந்ததில்லை. முகப்பில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும் இதே வேண்டுகோள்தான்: பெயரில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் புதுப் பதிவைத் திறக்கும் முன், இன்று வரவேண்டியவர்களின் முழுப் பட்டியலை ஒருமுறை கண்ணால் பாருங்கள். `Tamilselvi L` என்ற பெயரை எந்தத் தேடலும் காட்டாவிட்டாலும், தமிழ் தெரிந்த கண் ஒரே பார்வையில் பிடித்துவிடும்.

4. செக்-அவுட்டில். இன்வாய்ஸை அனுப்பும் முன் திரையிலோ மாதிரித் தாளிலோ பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். பாஸ்போர்ட் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். பெயரில் சின்ன வேறுபாடு தங்கிவிட்டாலும், சரியான பாஸ்போர்ட் எண் இருந்தால் இரண்டு தாள்களும் ஒரே ஆளுடையவை என்று காட்ட முடியும்.

இதையெல்லாம் தாண்டி, பழைய இன்வாய்ஸ் தப்பான பெயரோடு கையில் நின்றுவிட்டால் என்ன செய்வது? முதலில் ஹோட்டலிடம் கிரெடிட் நோட்டும் புதிய இன்வாய்ஸும் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால், இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்றும் தங்கிய தேதிகள் இவை என்றும் பாஸ்போர்ட் எண்ணோடு ஒரு கடிதம் கேளுங்கள். பல நிறுவனங்களின் கணக்குப் பிரிவுக்கு அது போதும். அதற்கும் மேல் வலுவான ஆதாரம் கேட்டால், மலேசியாவில் இருப்பவர்கள் 1960ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டத்தின்கீழ் சூராட் அக்குவான் எனப்படும் உறுதிமொழிப் பத்திரத்தை, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு நோட்டரி முன் எடுக்கும் அஃபிடவிட். எந்தப் பத்திரமாக இருந்தாலும், இரண்டு எழுத்துக்கூட்டையும் அந்தந்த ஆவணத்தில் உள்ளபடியே, சாய்கோடும் இடைவெளியும் மாறாமல் அதில் எழுத வேண்டும்.